கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு: ஒரு மாதச் சம்பளம் பேரேட்டில் ஓடும் பாதை

லேத்தில் நிற்கும் டர்னர் ஒருவர், சம்பளம் ஏறிய மறுநாள் ஆபீசுக்கு வந்து சம்பளச் சீட்டை நீட்டுவார். "சார், இதுல இருபதாயிரம்னு போட்டிருக்கு. பேங்க்ல பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுதான் ஏறியிருக்கு." அவருக்குப் பதில் சொல்வது சுலபம். சீட்டிலேயே எல்லாம் இருக்கிறது: பி.எஃப். 1,680, ஈ.எஸ்.ஐ. 150, கேன்டீன் 200, பண்டிகை முன்பணத் தவணை 1,000. கூட்டினால் 3,030.

அதே சீட்டைக் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் காட்டி, "இந்த ஆளுக்காகக் கம்பெனிக்கு இந்த மாதம் என்ன செலவு?" என்று கேட்பேன். சிலர் 16,970 என்பார்கள், சிலர் 20,000 என்பார்கள். சரியான விடை 22,470. இந்த எண் சீட்டில் எங்குமே இருக்காது.

தொழிலாளியின் கைக்குப் போவது ஒரு தொகை, அவர் சம்பாதித்தது ஒரு தொகை, கம்பெனிக்கு ஆன செலவு வேறொரு தொகை. மூன்றும் வெவ்வேறு தேதிகளில், வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. இவற்றை ஒரே இடத்தில் சந்திக்க வைத்து, ஒரு ரூபாயும் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்திருப்பதுதான் கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு. ஆபீசில் 'வேஜஸ் கன்ட்ரோல்' என்போம்.

ஒரு மாதத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் இது பிடிபடும். பம்ப் உதிரிபாகம் செய்யும் சிறிய தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 தொழிலாளர்கள். மாதம் 2024 ஜூன். கணக்கு எளிதாக இருப்பதற்காக எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்கிறேன்: அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000, வீட்டு வாடகைப் படி முதலியவை 6,000, மொத்தம் 20,000. ஆக, தொழிற்சாலையின் மொத்தக் கூலி 5,00,000 ரூபாய்.

இதில் தொழிலாளியிடம் பிடிப்பது என்ன? பி.எஃப். 14,000-இல் 12 சதவீதம், ஆளுக்கு 1,680, மொத்தம் 42,000. ஈ.எஸ்.ஐ. 20,000-இல் 0.75 சதவீதம், ஆளுக்கு 150, மொத்தம் 3,750. கேன்டீன் ஆளுக்கு 200 வீதம் 5,000. முன்பணம் வாங்கிய பத்துப் பேரிடம் ஆளுக்கு 1,000 வீதம் 10,000. எல்லாம் சேர்ந்து 60,750. கையில் கொடுக்க வேண்டிய நிகரக் கூலி 4,39,250.

இதற்கு மேல் கம்பெனி தன் பையிலிருந்து போடுவது தனி. பி.எஃப்.புக்கு அதே 12 சதவீதம், அதாவது 42,000. அதோடு காப்பீட்டுத் திட்டத்துக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், இரண்டும் 1,750 வீதம். ஆக பி.எஃப். பக்கம் 45,500. ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், 16,250. மொத்தம் 61,750. இதை 25-ஆல் வகுத்தால் ஆளுக்கு 2,470. டர்னருடைய 22,470 வந்தது இப்படித்தான்.

இவை அந்த மாதத்தில் நடப்பில் இருந்த விகிதங்கள். விகிதமோ, எந்தத் தொகையின் மேல் பிடிப்பது என்பதோ சட்டத் திருத்தத்தில் மாறலாம். கீழே வரும் பதிவுகளின் வடிவம் அதனால் மாறாது.

பதிவுக்குப் போகும் முன் ஒரு சொல் விளக்கம். பற்று, வரவு என்று எழுதும்போது டெபிட், கிரெடிட் என்ற பொருளில்தான் எழுதுகிறேன். பேச்சுவழக்கில் 'வரவு' என்றால் வருமானம் என்று தோன்றும். இங்கே அதை மறந்துவிடுங்கள். கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கைப் பொறுத்தவரை வரவுப் பக்கம் "இவ்வளவு செலவு ஏற்பட்டது, இனி இதைத் தீர்க்க வேண்டும்" என்று சொல்கிறது. பற்றுப் பக்கம் "இன்னின்ன இடத்துக்கு அனுப்பித் தீர்த்தாயிற்று" என்று சொல்கிறது.

முதல் பதிவு ஜூன் 30 அன்று, மொத்தக் கூலிக்கு. தொழிற்சாலைக் கணக்கில் இதை வெறுமனே 'கூலிச் செலவு' என்று ஒரே கணக்கில் போடுவதில்லை. பொருளின் மேல் நேரடியாகக் கை வைத்தவர் கூலி ஒரு பக்கம், மற்றவர் கூலி இன்னொரு பக்கம் என்று பிரிப்போம். இங்கே 20 பேர் மெஷினில் வேலை செய்கிறவர்கள், அவர்கள் கூலி 4,00,000. மற்ற ஐந்து பேர் ஸ்டோர், பராமரிப்பு, மேற்பார்வை. அவர்கள் கூலி 1,00,000.

ஆனால் அந்த 4,00,000-மும் முழுதாகப் பொருளின் விலையில் ஏறிவிடக் கூடாது. ஜூனில் ஞாயிறு போக 25 வேலை நாட்கள். அதில் ஒரு நாள், துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று அறிவித்துவிட்டு நாள் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் வந்தார்கள், கூலி உண்டு, ஆனால் எந்த வேலைச் சீட்டிலும் அன்றைய மணிநேரம் இல்லை. 4,00,000-இல் 25-இல் ஒரு பங்கு, 16,000 ரூபாய், வேலையில்லா நேரக் கூலி. மாதாமாதம் வருகிற, முன்பே தெரிந்த நிறுத்தம் என்பதால் இதையும், அந்த ஐந்து பேர் கூலியைப் போலவே, எந்த ஒரு பொருளின் பெயரிலும் நேராக எழுத முடியாத செலவுகள் சேரும் தொழிற்சாலை மேற்செலவில் சேர்க்கிறோம். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து பத்து நாள் ஆலை முடங்கியிருந்தால் கதை வேறு. அது வழக்கத்துக்கு மாறான இழப்பு. பொருளின் அடக்க விலைக்குள் அதை விடாமல் நேராக லாப நட்டக் கணக்குக்கு அனுப்ப வேண்டும்.

சரி, பதிவு இப்படி வரும்:

நடப்புப் பணிக் கணக்கு, பற்று 3,84,000
தொழிற்சாலை மேற்செலவுக் கணக்கு, பற்று 1,16,000
கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு, வரவு 5,00,000

நடப்புப் பணி என்பது ஆபீசில் டபிள்யூ.ஐ.பி. என்று சொல்வதுதான். ஷாப் ஃப்ளோரில் பாதி முடிந்த நிலையில் நிற்கும் சரக்கின் மதிப்பு அதில் இருக்கும்.

இரண்டாவது பதிவு பிடித்தங்களுக்கு, அதே ஜூன் 30 தேதியில்:

கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு, பற்று 60,750
செலுத்த வேண்டிய பி.எஃப்., தொழிலாளர் பங்கு, வரவு 42,000
செலுத்த வேண்டிய ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் பங்கு, வரவு 3,750
கேன்டீன் ஒப்பந்தக்காரர், வரவு 5,000
பண்டிகை முன்பணக் கணக்கு, வரவு 10,000

இந்தப் பதிவில் செலவுக் கணக்கு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்த 42,000 கம்பெனியின் செலவில்லை. அது ஏற்கெனவே 5,00,000-க்குள் இருக்கிற, தொழிலாளியின் பணம். அவர் சார்பில் நாம் வாங்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். முன்பணத்தின் கதை சற்றே வேறு. அந்தப் பணம் சில மாதம் முன்பே கைமாறிவிட்டது. அன்று முன்பணக் கணக்கில் பற்று வைத்தோம். இப்போது அதில் 10,000 குறைகிறது.

மூன்றாவது, கம்பெனியின் பங்களிப்பு. இதைக் கட்டுப்பாட்டுக் கணக்குக்குள் கொண்டுவராமல் நேரடியாகச் செலவுக்கும் கடனுக்கும் பதிவு போடுகிற இடங்களும் உண்டு. தப்பில்லை. ஆனால் உள்ளே விட்டு வெளியே எடுப்பதைத்தான் நான் விரும்புவேன். அப்படிச் செய்தால் அந்த மாதம் ஆட்களுக்காக ஆன முழுச் செலவும் ஒரே கணக்கின் வரவுப் பக்கத்தில் நிற்கும்.

தொழிற்சாலை மேற்செலவுக் கணக்கு, பற்று 61,750
கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு, வரவு 61,750

அடுத்து அதே தொகை வெளியே:

கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கு, பற்று 61,750
செலுத்த வேண்டிய பி.எஃப்., கம்பெனி பங்கு, வரவு 45,500
செலுத்த வேண்டிய ஈ.எஸ்.ஐ., கம்பெனி பங்கு, வரவு 16,250

இங்கே பங்களிப்பு முழுவதையும் மேற்செலவில் வைத்திருக்கிறேன். மெஷின் ஆட்களுக்கான பங்களிப்பு அவர்கள் கூலியோடு நடப்புப் பணிக்கே போக வேண்டும் என்பதும் நியாயமான முறை. அடக்க விலை இன்னும் துல்லியமாக வரும். எதை எடுத்தாலும் வருடம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் இந்த மாத விலையையும் போன மாத விலையையும் ஒப்பிடவே முடியாது.

தொழிலாளர் பங்குக்கும் கம்பெனி பங்குக்கும் தனித்தனிக் கணக்கு எதற்கு, இரண்டும் ஒரே சலானில்தானே போகிறது என்று கேட்கலாம். போகிறதுதான். ஆனால் 2024-இல் நடப்பில் இருந்த சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. தொழிலாளியிடம் பிடித்ததைக் கெடு தேதிக்குள் கட்டாவிட்டால், பிறகு கட்டினாலும் அந்தத் தொகைக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி கழிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. கம்பெனியின் சொந்தப் பங்கை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டினால் கழிவு கிடைத்தது. தணிக்கைக்கு வருபவர் கேட்கும்போது இரண்டும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், பழைய சலான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஜூன் 30 இரவு கட்டுப்பாட்டுக் கணக்கில் என்ன மிச்சம்? வரவு 5,61,750. பற்று 60,750-உம் 61,750-உம் சேர்த்து 1,22,500. மீதி 4,39,250 வரவு. கையில் கொடுக்க வேண்டிய நிகரக் கூலியும் இதேதான். மாதக் கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு எடுத்தால் இது கொடுபட வேண்டிய கூலியாகக் கடன் பக்கத்தில் நிற்கும். சம்பளப் பட்டியலின் அடியில் இருக்கும் நிகரத் தொகையும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிட வேண்டும். வங்கிக்குப் பணம் அனுப்பச் சொன்ன பிறகு பார்ப்பது தாமதம்.

சம்பள நாளான ஜூலை 7 ஞாயிறு. அதனால் 6-ஆம் தேதி சனிக்கிழமையே சம்பளம் போடுகிறோம். கட்டுப்பாட்டுக் கணக்கு பற்று 4,39,250, வங்கி வரவு 4,39,250. இப்போது முழுக் கணக்கையும் பாருங்கள்:

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| பிடித்தங்கள் | 60,750 | நடப்புப் பணி | 3,84,000 |
| கம்பெனி பங்களிப்பு, செலுத்த வேண்டியது | 61,750 | மேற்செலவு, கூலி | 1,16,000 |
| வங்கி, நிகரக் கூலி | 4,39,250 | மேற்செலவு, பங்களிப்பு | 61,750 |
| மொத்தம் | 5,61,750 | மொத்தம் | 5,61,750 |

மீதி பூஜ்ஜியம். வலது பக்கம் செலவு எதற்காக ஆனது என்று சொல்கிறது, இடது பக்கம் பணம் யாருக்குப் போனது என்று சொல்கிறது.

ஜூலை 15-க்குள் சலான் கட்டுவோம். பி.எஃப். 87,500, ஈ.எஸ்.ஐ. 20,000. அந்தப் பதிவில் கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு வேலையே இல்லை. 'செலுத்த வேண்டிய' கணக்குகளில் பற்று, வங்கியில் வரவு. இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சறுக்கியது இங்கேதான்.

அன்றைய தொகை வேறு, இங்குள்ள எண்களிலேயே சொல்கிறேன். எல்லாம் முடிந்த பிறகும் கட்டுப்பாட்டுக் கணக்கில் 3,750 பற்று மீதி நின்றது. சம்பளப் பட்டியலை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். வங்கி அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் மூத்த கணக்கர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, கூட்டிக்கிட்டே இருக்காதே. இதே தொகை வேற எந்தக் கணக்குலயாச்சும் எதிர்ப்பக்கம் நிக்குதான்னு பாரு" என்றார். தேடினேன். செலுத்த வேண்டிய ஈ.எஸ்.ஐ., தொழிலாளர் பங்குக் கணக்கில் 3,750 வரவாக நின்றது. சலான் என்றைக்கோ கட்டியாகிவிட்டது, ஆனால் கணக்கு இன்னும் பாக்கி என்கிறது. கட்டியபோது கம்பெனி பங்கைச் சரியான கணக்கில் எழுதிவிட்டு, தொழிலாளர் பங்கை மட்டும் "கூலியில் பிடித்ததுதானே" என்ற நினைப்பில் கட்டுப்பாட்டுக் கணக்கில் பற்று வைத்திருக்கிறேன். பிடித்தபோது ஒரு முறை, கட்டியபோது மறுபடி ஒரு முறை. திருத்தம் ஒரே வரி: செலுத்த வேண்டிய ஈ.எஸ்.ஐ. பற்று, கட்டுப்பாட்டுக் கணக்கு வரவு, 3,750.

அன்றிலிருந்து மீதியைப் பார்த்ததும் முதலில் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். பற்றுப் பக்கம் மீதி நின்றால், சம்பளப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது, அல்லது ஒன்று இரண்டு தடவை ஏறியிருக்கிறது. முன்பணம் கொடுத்த அன்று அதை முன்பணக் கணக்கில் எழுதாமல் இங்கே எழுதிவிடுவது இந்த வகை. வரவுப் பக்கம் மீதி நின்றால், செலவாக எழுதிய ஏதோ ஒன்று இன்னும் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. உதாரணமாக 5,000 வரவு நிற்கிறது என்றால், கேன்டீன் பிடித்தத்தைப் பதிய மறந்திருக்கிறோம். தொழிலாளியிடம் பிடித்தாகிவிட்டது, ஒப்பந்தக்காரர் கணக்கில் ஏறவில்லை. மாதக் கடைசியில் அவர் பில்லோடு வந்து நிற்கும்போதுதான் தெரியவரும்.

இன்னொன்று, வங்கியிலிருந்து திரும்பி வரும் சம்பளம். ஒருவர் பழைய கணக்கை மூடிவிட்டுச் சொல்லாமல் இருந்துவிட்டார், திங்கட்கிழமை அவருடைய 17,970 திரும்பி வந்துவிட்டது. அதை மறுபடி கட்டுப்பாட்டுக் கணக்கில் வரவு வைக்கலாம் என்று தோன்றும். வைத்தால் பூஜ்ஜியம் கெட்டு, அடுத்த மாதக் கணக்கோடு கலந்துபோகும். வங்கி பற்று, 'வாங்கப்படாத கூலி' என்ற தனிக் கணக்கு வரவு. அவர் புதுக் கணக்கு எண் கொடுத்ததும் அங்கிருந்து அனுப்பலாம். அதில் யார் பெயரில், எந்த மாதத்துக்கு என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத மீதியை ஆறு மாதம் கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது.

கட்டுப்பாட்டுக் கணக்கே வேண்டாம், பணம் போகப் போகச் செலவில் எழுதிக்கொள்கிறோம் என்று சிறிய யூனிட்டுகளில் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இந்த மாதம் என்ன ஆகும்? வங்கியில் போனது 4,39,250, பி.எஃப். 87,500, ஈ.எஸ்.ஐ. 20,000. கூட்டினால் 5,46,750. உண்மையான செலவு 5,61,750. இடையில் 15,000 காணோம். முன்பணம் 10,000, கேன்டீன் 5,000. இரண்டும் கூலியிலிருந்து கழிந்தவை, ஆனால் அன்று வங்கியிலிருந்து போகாதவை. அதனால் செலவுக்குள் வரவே இல்லை. முன்பணம் வாங்கியவர்களின் கணக்கு குறையாமலே கிடக்கும், அவர்களோ கட்டிக்கொண்டே இருப்பார்கள். அதோடு இந்த 5,46,750-உம் ஜூலையில்தான் வங்கியிலிருந்து போனது, அதனால் ஜூலைச் செலவாகத்தான் ஏறும், ஜூன் செலவாக ஏறாது. ஜூனில் செய்த பம்ப் பாகத்தின் அடக்க விலை குறைத்துக் காட்டும்.

பூஜ்ஜியம் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று மட்டும் நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே சம்பளப் பட்டியலிலிருந்துதான் வருகின்றன. பட்டியலிலேயே தப்பு இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து தப்பாகி, மீதி அழகாகப் பூஜ்ஜியமாகவே நிற்கும். வேலையை விட்டுப் போன ஒருவர் பெயரில் சம்பளம் ஏறியிருந்தாலும், ஒருவருக்கு இரண்டு நாள் கூடுதலாகப் போட்டிருந்தாலும், கம்பெனி பங்களிப்பைப் பதியவே மறந்திருந்தாலும் இந்தக் கணக்கு வாய் திறக்காது. பங்களிப்பு விட்டுப்போனதைச் சலான் காட்டிக்கொடுக்கும். சலான் 87,500 என்று கேட்க, செலுத்த வேண்டிய பி.எஃப். கணக்கில் 42,000 மட்டும் இருக்கும். அதனால் ஜூன் 30 மீதியையும் ஜூலையில் எடுக்கும் சலானையும் ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடுவது தனி வேலை.

இல்லாத ஆளுக்குப் போகும் சம்பளத்தைக் கண்டுபிடிக்கப் பேரேட்டை விட்டு வெளியே போக வேண்டும். கேட்டில் டைம் ஆபீசர் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் எத்தனை தலை, சம்பளப் பட்டியலில் எத்தனை, பி.எஃப். மாதக் கணக்கில் எத்தனை, வங்கிக்கு அனுப்பிய கோப்பில் எத்தனை வரி, அதில் ஒரே வங்கிக் கணக்கு எண் இரண்டு பெயருக்கு வருகிறதா என்று பார்ப்பேன். நம் தொழிற்சாலையில் நான்கு இடத்திலும் 25 வர வேண்டும். 26 வந்தால் அந்த ஒரு வரியோடு ஷாப் ஃப்ளோருக்கு நடந்துபோய், அந்தப் பெயருக்குரிய ஆள் எந்த மெஷினில் நிற்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் கையெழுத்துப் போடுவேன்.